கம்பெனி பெயர் மாறிவிட்டது: பயோடேட்டாவில் எந்தப் பெயரை எழுதுவது?

நான் பிறந்தது வாலாஜாப்பேட்டையில். என் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் போனது. மீதியிருந்த எங்கள் பகுதியின் பெயரோடு அம்பேத்கர் பெயர் சேர்ந்தது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்றார்கள். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். வீடு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் என்னிடம் உள்ள தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர், நான் ஊர் ஊராக மாறி வந்தவன் என்றுதான் நினைப்பார்.

வேலை பார்த்த கம்பெனிக்கு இதே கதி வரும்போது பயோடேட்டாவில் எந்தப் பெயரைப் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆள் எடுக்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பயோடேட்டா படித்தவன் நான். இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்குத் திருத்திக் கொடுக்கிறேன். அதனால் படிக்கிறவர் எங்கே தடுமாறுவார் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

போன வருடம் ஆம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருந்தவர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அவருடைய பயோடேட்டாவில் பதினாலு வருடத்துக்கு நாலு கம்பெனிகள் இருந்தன. நேர்காணலுக்குப் போன இடத்தில், "மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா மாறிகினே இருக்கீங்களே, எங்ககிட்ட எத்தினி நாள் இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டார்களாம்.

"நான் எங்கயும் போவல சார். ஒரே கேட்டு, ஒரே ஷெட்டு, அதே மெஷினு. பேருதான் மாறிச்சு. இன்னான்னு போடறது சொல்லுங்க."

அவருக்கு நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஜூன் 2009இல் சேர்ந்தபோது அது அண்ணன் தம்பிகள் நடத்திய ஒரு பங்குதாரர் நிறுவனம். 2013 ஏப்ரலில் அதையே பிரைவேட் லிமிடெட் ஆக்கினார்கள். 2017இல் சென்னையைச் சேர்ந்த ஒரு குழுமம் பங்குகளை வாங்கியது. 2021இல் அந்தக் குழுமத்தின் முதன்மைக் கம்பெனியோடு இதை இணைத்து விட்டார்கள். ஆகஸ்ட் 2023இல் இவர் விலகினார். ஒவ்வொன்றையும் தனிக் கம்பெனியாகப் போட்டதில் நாலு வரிகள்.

எந்தப் பெயரை எப்படி எழுதலாம் என்று ஒப்பிடுவதற்கு முன்னால், நடந்தது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் 'கம்பெனி கைமாறிடுச்சு' என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். காகிதத்தில் அவை வேறு வேறு. பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட கம்பெனி, சட்டப்படி அதே கம்பெனிதான். பங்குகள் கைமாறினால் முதலாளி மாறுகிறார். கம்பெனியும் பெயரும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இணைப்பு என்றால் பழைய கம்பெனி கலைந்து இன்னொன்றுக்குள் போய்விடுகிறது. நாலாவது வகையில் கம்பெனி இருந்த இடத்தில் இருக்க, நீங்கள் வேலை பார்த்த தொழிற்சாலை மட்டும் விற்கப்பட்டு, ஆட்களும் வாங்கியவரிடம் போகிறார்கள்.

எது நடந்தது என்று தொழிலாளியிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத் தாளில் 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண்ணை அச்சிட வேண்டும். `CIN` என்று போட்டிருக்கும். ஷூ தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு அது இப்படி இருக்கலாம்:

```
U19201TN2013PTCxxxxxx
```

முதல் எழுத்து பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்கிறது. அடுத்த ஐந்து எண்கள் தொழிலைக் குறிக்கும். பிறகு மாநிலம், பதிவான வருடம், கம்பெனியின் வகை, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். உங்களிடம் இருக்கும் பழைய சம்பள உயர்வுக் கடிதம் ஒன்றையும், விலகியபோது கொடுத்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். பெயர் மாறி, எண் மாறாமல் இருந்தால் அது வெறும் பெயர் மாற்றம். வருடமும் கடைசி ஆறு இலக்கமும் வேறாக இருந்தால் நீங்கள் வேறொரு கம்பெனிக்குள் போயிருக்கிறீர்கள். முதல் எழுத்தோ நடுவில் ஓரிரு எழுத்தோ மட்டும் மாறியிருந்தால் பதற வேண்டாம். பட்டியலில் சேர்ந்தாலும், பிரைவேட் பப்ளிக் ஆனாலும் அப்படி ஆகும். பதிவான வருடம் அப்போதும் மாறாது.

ஆம்பூர்க்காரரின் உறையில் 2016 கடிதமும் 2019 கடிதமும் இருந்தன. நடுவில்தான் 2017 கைமாற்றம். இரண்டிலும் ஒரே எண், ஒரே பெயர். ஆனால் அவருடைய பயோடேட்டாவில் 2017 முதல் சென்னைக் குழுமத்தின் பெயர் இருந்தது. "ஓனரு அவங்கதானே சார்" என்றார். ஓனர் அவர்கள்தான். ஆனால் அவருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்த கம்பெனி பழைய கம்பெனிதான். ஜாகுவார் லேண்ட் ரோவரை டாடா மோட்டார்ஸ் 2008இல் வாங்கியது. அதற்காக அங்கே கார் செய்கிறவர்கள் தங்கள் கம்பெனி டாடா மோட்டார்ஸ் என்று எழுதுவதில்லை. பங்கு மட்டும் கைமாறியிருந்தால் உங்கள் வரியில் பெயரைத் தொட வேண்டாம். குழுமத்தின் பெயர் உங்களுக்குப் பெருமை தரும் என்றால் 'இன்ன குழுமத்தைச் சேர்ந்தது' என்று பக்கத்தில் சேர்க்கலாம். அது உண்மை, யாருக்கும் குழப்பமும் இல்லை.

இனி ஒப்பீட்டுக்கு வரலாம். பெயர் நிஜமாகவே மாறியிருந்தால் எழுதுவதற்கு நாலு வழி இருக்கிறது: பழைய பெயர் மட்டும், புதுப் பெயர் மட்டும், பழைய பெயரை முன்னால் வைத்துப் புதியதை அடைப்புக்குறியில், புதியதை முன்னால் வைத்துப் பழையதை அடைப்புக்குறியில்.

பழைய பெயர் மட்டும் எழுதுவது நேர்மையானது, படிக்கவும் சுத்தமாக இருக்கும். எனக்கே இது பிடித்திருந்தது, ஒரு காலத்தில். சிக்கல் படிக்கிறவரிடம்தான். லட்சுமி விலாஸ் வங்கி என்று எழுதினால் எங்கள் வயதுக்காரருக்கு கரூர் உடனே ஞாபகம் வரும். கல்லூரி முடித்து நேற்று வேலைக்குச் சேர்ந்து பயோடேட்டா வடிகட்டும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வங்கி 2020 நவம்பர் 27 முதல் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. விசாரிக்க நினைப்பவருக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. பெரிய வங்கிக்காவது இணையத்தில் தேடினால் விவரம் கிடைக்கும். மேல்விஷாரத்திலோ பேரணாம்பட்டிலோ இருந்த ஒரு டேனரியின் பழைய பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது உங்கள் ஐந்து வருட அனுபவம், 'சரிபார்க்க முடியவில்லை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதப்படும்.

புதுப் பெயர் மட்டும் எழுதுவதை நாலு வழிகளில் மோசமானது என்று சொல்வேன், ஆனால் அதிகம் பேர் செய்வது அதைத்தான். புதுப் பெயர் பெரியதாக இருக்கும், கேட்டவுடன் தெரியும், அதனால் கை அங்கே போகிறது. தப்பு தேதியில் மாட்டும். எல்டிஐமைண்ட்ட்ரீ என்ற பெயர் பிறந்தது 2022 நவம்பரில், எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் மைண்ட்ட்ரீயும் இணைந்தபோது. 'எல்டிஐமைண்ட்ட்ரீ, 2012 முதல் 2016 வரை' என்று ஒரு வரி வந்தால், விவரம் தெரிந்தவருக்கு அது இருக்கவே முடியாத தேதி. விவரம் தெரியாதவர் ஏற்றுக்கொள்வார், ஆனால் பிறகு சரிபார்க்கும்போது அவர் கையில் வருவது மைண்ட்ட்ரீ கொடுத்த விலகல் கடிதம். எழுதியது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று. வேறு பெயர் வந்தால் சரிபார்க்கும் ஏஜென்சிக்காரர் அதை 'பொருந்தவில்லை' என்ற கட்டத்தில்தான் போடுவார். நீங்கள் ஏமாற்றவில்லை என்று அவருக்குத் தோன்றினாலும், அவருடைய படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

மீதி இரண்டு வழிகள்தான் நிஜமான போட்டி. எது முன்னால், எது அடைப்புக்குறிக்குள்? இதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 'எது பிரபலமோ அது முன்னால்' என்பார்கள் சிலர். 'எப்போதும் புதுப் பெயர் முன்னால்' என்பார்கள் வேறு சிலர். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நீங்கள் அங்கே கடைசியாக வேலை பார்த்த நாளில், உங்களுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியின் பெயர் என்ன? அதுதான் முன்னால் வர வேண்டும். ஏனென்றால் விலகல் கடிதம் அந்தப் பெயரில்தான் இருக்கும். படிக்கிறவரும் சரிபார்ப்பவரும் முதலில் ஒத்துப் பார்ப்பது அதைத்தான்.

அதே வங்கியையே எடுத்துக்கொள்வோம். 2016இலேயே விலகியவர் இப்படி எழுதலாம்:

லட்சுமி விலாஸ் வங்கி (2020 முதல் டிபிஎஸ் வங்கி இந்தியா), 2010 – 2016

இணைப்புக்குப் பிறகும் இருந்து 2023இல் விலகியவர் திருப்பிப் போட வேண்டும்:

டிபிஎஸ் வங்கி இந்தியா (2020 வரை லட்சுமி விலாஸ் வங்கி), 2010 – 2023

இரண்டிலும் அடைப்புக்குறிக்குள் ஒரு வருடம் இருப்பதைக் கவனியுங்கள். வெறுமனே 'முன்பு லட்சுமி விலாஸ்' என்று விட்டுவிட்டால் படிக்கிறவர் மனதில் அடுத்த கேள்வி எழும்: எப்போது மாறியது, இவர் அப்போது இருந்தாரா? வருடத்தைப் போட்டால் அந்தக் கேள்விக்கு வரியே பதில் சொல்லிவிடும். வருடம் போதும், தேதியும் மாதமும் வேண்டாம். பயோடேட்டாவை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் முதல் வகைக்கு 'நவ்', இரண்டாம் வகைக்கு 'ஃபார்மர்லி' என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் முழு வரியும் தலைகீழாகிவிடும். அப்படி வந்தவற்றை நானே எத்தனையோ முறை சுழித்திருக்கிறேன்.

வருடம் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. கம்பெனிகள் இணைவதற்குப் பெரும்பாலும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஆணையில் இணைப்பு கணக்குப்படி எந்த நாளிலிருந்து என்று ஒரு தேதி இருக்கும். அது பெரும்பாலும் பின்னோக்கிய தேதி, ஏப்ரல் 1 மாதிரி. ஆணை வந்து நடைமுறைக்கு வருவது மாதக்கணக்கில் கழித்து. ஆம்பூர்க்காரர் கம்பெனியில் கணக்குப்படி இணைப்பு 2020 ஏப்ரல் 1. புதுப் பெயரில் முதல் சம்பளச் சீட்டு வந்தது 2021 ஏப்ரல் மாதத்துக்கு. இவர் 2020 என்று எழுதியிருந்தார், ஏனென்றால் எச்.ஆர். ஒட்டிய தாளில் அந்தத் தேதிதான் இருந்தது. உங்கள் வரிக்குச் சம்பளச் சீட்டில் பெயர் மாறிய வருடம்தான் கணக்கு. தீர்ப்பாயத்தின் தேதி ஆடிட்டருக்கு.

இப்போது இதைவிடப் பெரிய கேள்வி. பழைய பெயருக்கு ஒன்று, புதுப் பெயருக்கு ஒன்று என்று இரண்டு இடம் ஒதுக்குவதா, எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருவதா?

இரண்டாகப் பிரிப்பதில் ஒரு வசதி உண்டு. பெயரும் தேதியும் காகிதத்தோடு துல்லியமாக ஒத்துப்போகும். பி.எஃப். பதிவோடும் ஒத்துப்போகும். இணைப்பின்போது பல கம்பெனிகள் ஆட்களைத் தங்கள் பி.எஃப். குறியீட்டுக்கு மாற்றிவிடும், அப்போது உங்கள் யு.ஏ.என். எண் அதுவே இருந்தாலும் உள்ளே இரண்டு உறுப்பினர் எண் வந்துவிடும். பி.எஃப். இணையதளத்தில் `View` பகுதியில் `Service History` என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த நாள், விலகிய நாள் வரிசையாக வரும். பழையதில் விலகிய நாள் மார்ச் 31, புதியதில் சேர்ந்த நாள் ஏப்ரல் 1 என்று அடுத்தடுத்து இருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதினால் இரண்டு வேலை என்றுதான் வரும்.

ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, ஆம்பூர்க்காரருக்குக் கிடைத்த அந்தக் கேள்வி. பயோடேட்டாவை முதல் முறை படிக்கிறவர் முழுதாகப் படிப்பதில்லை. இடது ஓரத்தில் கம்பெனிப் பெயர்களையும் வலது ஓரத்தில் தேதிகளையும் கண்ணால் ஒரு தடவை துழாவிவிட்டு அடுத்ததற்குப் போவார். நாலு தலைப்பு, நாலு தேதி என்றால் நாலு வேலை என்றே மனதில் பதியும். கீழே எவ்வளவு விளக்கினாலும் அந்த முதல் பதிவு போகாது. நானும் அப்படித்தான் படித்தேன், மறைப்பானேன்.

ஒரே தலைப்பில் போட்டால் பதினாலு வருடம் ஒரே இடத்தில் இருந்தவர் என்று முதல் பார்வையிலேயே தெரிகிறது. உள்ளே பதவிகள் தனித்தனி வரியாக வரும்போது செக்கராகச் சேர்ந்து இன்சார்ஜ் வரை வந்த ஏற்றமும் தெரிகிறது. நாலாகப் பிரித்தபோது அந்த ஏற்றமே காணாமல் போயிருந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் ஏதோ ஒரு பதவி என்றுதான் இருந்தது. பி.எஃப். பதிவில் இரண்டு நிறுவனம் வருவதற்கு, அடைப்புக்குறிக்குள் இருக்கும் வருடமே பதில்.

அதனால் என் முடிவு இது: நீங்கள் எழுந்து போகாத வரைக்கும் ஒரே தலைப்பு. வேலை, இடம், மேலாளர், சேவைக் காலம் எல்லாம் தொடர்ந்திருந்தால் பெயர் எத்தனை முறை மாறினாலும் அது ஒரு வேலைதான். இரண்டாகப் பிரிக்க வேண்டியது எப்போதென்றால், பழைய கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, புதியவர் புதிதாக நியமனக் கடிதம் கொடுத்து, அன்றிலிருந்து சேவையை எண்ணும்போது. தொழிற்சாலை மட்டும் விற்கப்படும் நாலாவது வகையில் இது நடக்கலாம். குஜராத்தின் சனந்தில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலை 2023 ஜனவரியில் டாடாவின் மின்சாரக் கார் கம்பெனிக்குப் போனது. ஃபோர்டு இந்தியா என்ற கம்பெனி அங்கே கலைந்துவிடவில்லை, டாடாவோடு இணையவும் இல்லை. அப்படியிருக்க 'டாடா (முன்பு ஃபோர்டு)' என்று எழுதினால் படிக்கிறவர் ஃபோர்டே டாடா ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். அந்த மாதிரி இடத்தில் இரண்டு தலைப்பு போட்டு, இரண்டாவதின் கீழ் 'தொழிற்சாலை கைமாறியபோது புதுக் கம்பெனிக்கு மாற்றப்பட்டேன்' என்று ஒரு வரி எழுதிவிடலாம். தானாக மாறவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

சேவை தொடர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலகல் கடிதத்தில் சேர்ந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆம்பூர்க்காரரின் கடிதத்தை விரித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. சேர்ந்த தேதி 01.04.2021 என்று இருந்தது. அதாவது புதுக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் அவர் பெயர் ஏறிய நாள். பதினாலு வருடம் ஒரே தலைப்பில் எழுதிவிட்டு இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இரண்டு வருடம் நாலு மாதத்துக்குத்தான் ஆதாரம் இருக்கும்.

"கிராஜுவிட்டி எத்தினி வருஷத்துக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"பதினாலுக்கும் சேர்த்துதான் சார். அதுல கொறை சொல்ல முடியாது."

அப்படியானால் கம்பெனியே சேவையைத் தொடர்ச்சியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடிதம் அடித்தவர்தான் கவனிக்கவில்லை. கிராஜுவிட்டி கணக்குத் தாளில் சேர்ந்த தேதி ஜூன் 2009 என்றே இருந்தது. அந்தத் தாளின் நகலை வைத்து, சேர்ந்த தேதியும் பழைய கம்பெனிப் பெயரும் வருகிற மாதிரி ஒரு பணிச் சான்றிதழ் கேட்டு எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் வந்துவிட்டது. பழைய பணியாளர் எண்ணையும் குறிப்பிட்டுக் கேட்டதுதான் வேலை சீக்கிரம் நடக்கக் காரணம் என்று நினைக்கிறேன். இணைப்பில் எண்கள் மாறிவிடும்; புது எண்ணை மட்டும் சொன்னால் 2021க்கு முந்தைய கோப்பு கைக்கு வராது.

இத்தனையும் சரிபார்த்த பிறகு அவருடைய நாலு தலைப்பும் இப்படி ஒன்றாயின. கம்பெனிகளின் பெயரை இங்கே 'பழையது', 'புதியது' என்று மாற்றிவிட்டேன்.

புதியது லிமிடெட் (2021 வரை பழையது பிரைவேட் லிமிடெட்), ஆம்பூர்
ஜூன் 2009 – ஆகஸ்ட் 2023
புரொடக்‌ஷன் இன்சார்ஜ், 2019 – 2023
லைன் சூப்பர்வைசர், 2014 – 2019
தர செக்கர், அப்பர் தையல் பிரிவு, 2009 – 2014

பங்குதாரர் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆன 2013 கதையைக் காணோமே என்று அவர் கேட்டார். வேண்டுமென்றேதான் விட்டேன். பெயரின் வாலில் 'பிரைவேட் லிமிடெட்' சேர்ந்ததே தவிர முன்பகுதி மாறவில்லை. படிக்கிறவர் வழி தவறமாட்டார். 2017 கைமாற்றமும் அதே காரணத்தால் போய்விட்டது. மூன்று பெயரை அடைப்புக்குறிக்குள் அடுக்கினால் அது ரயில்வே கால அட்டவணை மாதிரி ஆகிவிடும். கடைசிக்கு முந்தைய பெயர் ஒன்று போதும். சரிபார்ப்புப் படிவத்தில் மட்டும் எல்லாப் பெயர்களையும் தேதியோடு எழுதச் சொன்னேன். அங்கே அழகு முக்கியமில்லை.

இணையத்தில் நிரப்பும் விண்ணப்பங்களில் அடைப்புக்குறிக்கு இடம் இருக்காது. கம்பெனிப் பெயருக்கு ஒரே கட்டம், சில இடங்களில் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டத்தில் எழுத முடிந்தால் விலகல் கடிதத்தில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். பட்டியலில் பழைய பெயர் இல்லாமல் புதுப் பெயர் மட்டும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேலை விவரம் எழுதும் கட்டத்தின் முதல் வரியிலேயே பழைய பெயரையும் மாறிய வருடத்தையும் சொல்லிவிடலாம்.

அடைப்புக்குறியை எத்தனை வருடம் சுமப்பது என்றும் கேட்கிறார்கள். பெயர் மாற்றிய கம்பெனி தன் கடிதத் தாளில் பழைய பெயரையும் இரண்டு வருடம் சேர்த்து அச்சிட வேண்டும் என்று அதே கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அது கம்பெனிக்கு உள்ள கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் உங்கள் கடிதங்களில் ஏதாவது ஒன்று பழைய பெயரில் இருக்கிற வரைக்கும் அந்த அடைப்புக்குறி தேவைப்படும். பெயர் மாறிய பிறகு சேர்ந்தவருக்கு மட்டும் அது வேண்டியதில்லை. அவர் கையில் பழைய பெயரில் ஒரு தாளும் இருக்காது.

ஆம்பூர்க்காரர் புது அச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சார், கம்பெனி இருக்கிற ஊரு? நான் சேரும்போது வேலூர் மாவட்டம். இப்போ ஆம்பூரு திருப்பத்தூர் மாவட்டத்துல வருது. அதையும் அடைப்புக்குறியில போடணுமா?"

ஆம்பூர் என்று மட்டும் இருக்கட்டும் என்றேன்.